நான்காம் தீர்மானம்

மோரேஷ்வர் பிஸேயின் எழுத்து அச்சுக் கோத்தது போல் இருக்கும். கல்யாண் மேற்கில் ஸ்வானந்த் சொசைட்டியில் நாற்பது வீட்டிலும் இதை ஒத்துக்கொள்வார்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் லெட்ஜர் எழுதிய கை. மேலே கோடு, கீழே சுழி, ஒரு அடித்தல் கிடையாது. சொசைட்டி பதிவானபோது செக்ரட்டரியாக யாரைப் போடலாம் என்று யோசிக்கவே இல்லை, எழுத்து நன்றாயிருக்கிறவரைப் போட்டார்கள். நம் ஊர்களில் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கிற முறையைப் பார்த்தால் இது ஒன்றும் மோசமான முறையில்லை. ஆனால் அந்த எழுத்துதான் இப்போது, பதினெட்டு வருடம் கழித்து, தாணேயில் ஒரு அரசாங்க ஃபைலுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் கழுத்தைப் பிடித்திருந்தது.

விவகாரம் இதுதான். வீடுகள் அவரவர் பேரில் இருந்தன, கட்டடம் நின்ற நிலம் மட்டும் இல்லை. கட்டி விற்ற தன்ராஜ் சேட், சொசைட்டி பதிவான நாலு மாதத்துக்குள் நிலத்தை அதன் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி. சேட் இருபது வருடமாக இன்றைக்கு, நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் கிடந்தது, அதில் இன்னொரு கட்டடம் எழுப்புகிற ஆசை அவருக்கு. நிலம் கைமாறினால் ஆசையும் போய்விடும். இங்கேயோ தூண்களில் விரல் நுழைகிற விரிசல். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டின் சமையலறைக் கூரை பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. பரிசோதித்த எஞ்சினியர் ஐந்து வருடம் தாங்கினால் அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இடித்துக் கட்டலாம் என்றால் நிலம் தங்கள் பேரில் இல்லாமல் எந்தப் புது பில்டரும் வாசலில் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டான்.

இப்படி அடம்பிடிக்கிற பில்டர்களுக்காகவே சட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். டீம்டு கன்வேயன்ஸ். அவன் கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும், போட்டதாகவே வைத்துக்கொண்டு நிலத்தைக் கொடு என்று மாவட்டக் கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் கேட்கலாம். இப்போதைய செக்ரட்டரி ஹேமாங்கி தாண்டேல், வங்கியில் வேலை பார்க்கிற பெண், இரண்டு வருடம் அலைந்து அந்த மனுவைத் தயார் செய்தாள். நாற்பது வீட்டின் பதிவுப் பத்திரம், ஒவ்வொன்றுக்கும் இண்டெக்ஸ் நகல், நகராட்சி வரைபடம், ஆர்க்கிடெக்ட் சான்றிதழ், நிலம் யார் பேரில் என்று காட்டும் ஏழு-பன்னிரண்டு நகல். அதில் இன்னும் சேட்டுக்கு நிலத்தைக் கொடுத்த பழைய விவசாயி பேர்தான் இருந்தது, அவர் செத்தே பதினைந்து வருடம். ஒரு வீட்டுக்காரர் பத்திரத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, நல்ல நாள் பார்த்துத்தான் எடுப்பேன் என்று ஒன்றரை மாதம் இழுத்தடித்தார். ஹேமாங்கி அவர் வாசலில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

மனு போனது. சேட்டுக்கும் செத்துப்போன விவசாயியின் வாரிசுகளுக்கும் நோட்டீஸ் போனது, பேப்பரில் பொது அறிவிப்பு வந்தது. வாரிசுகள் எட்டிப் பார்க்கவில்லை. சேட்டின் வக்கீல் வந்தார், பதில் மனு கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு நகல் இணைத்திருந்தார்.

சொசைட்டியின் லெட்டர்ஹெட். ‘14-3-1999 ஞாயிறு நடந்த பொதுக்குழுவில் நிறைவேறிய நான்காம் தீர்மானத்தின் உண்மை நகல். பின்பக்கக் காலி இடத்தின் மேல் சொசைட்டிக்கு உரிமை இல்லை. பில்டர் தன் முழுத் திட்டத்தையும் முடிக்கும் வரை நில மாற்றம் கேட்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ கீழே முத்திரை. அதன் மேல் எம். வி. பிஸே, கௌரவ செயலாளர். மேலே கோடு, கீழே சுழி.

அவசரப் பொதுக்குழு கூட்டினார்கள். ஹேமாங்கி அந்த நகலை அவர் கையில் கொடுத்தாள். “தாத்யா, இது என்னான்னு பாருங்க” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். ஸ்வானந்தில் எல்லோருக்கும் அவர் தாத்யா. நாற்பது வீட்டு ஆட்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

“இது என் கையெழுத்து இல்லை” என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் பொங்கியது. இரண்டாம் மாடி பாட்கர், எதற்கும் முதல் ஆளாக வாயைத் திறக்கிறவர், எழுந்து நின்றார். “நம்ம தாத்யா கையெழுத்தையே போலியாப் போட்டிருக்கான் பாருங்க. இவ்வளவு நல்லாப் போடத் தெரிஞ்சவன் பில்டராவா இருப்பான், நோட்டு அடிக்கப் போயிருப்பான்!” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரோ வழக்கமான பல்லவியை எடுத்தார்கள். பழைய மினிட்ஸ் புத்தகம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும், அதுதான் தள்வி காலத்தில் வெள்ளத்தோடு போய்விட்டதே. இரண்டாயிரத்து ஐந்து ஜூலை வெள்ளத்தில் கீழ்த்தள ஆபீஸ் அறை கழுத்தளவு மூழ்கியது. அப்போது செக்ரட்டரி தள்வி. புத்தகங்களை மேல் தளத்துக்கு ஏற்றாமல் விட்டார் என்று அவர் இருந்தவரை சொன்னார்கள், இறந்த பிறகும் சொன்னார்கள். அவர் மனைவி சுமன், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் அதைத்தான் செய்தாள்.

புத்தகம் வெள்ளத்தில் போகவில்லை. மோரேஷ்வரின் படுக்கையறைப் பரணில், தகரப் பெட்டியில், பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் இருந்தது.

சொசைட்டியின் வக்கீல் நஸ்ரீன் முல்லாவுக்குத் தாணே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சிறிய ஆபீஸ். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் ஃபைல் மேல்தான் உட்கார வேண்டும். அந்த அம்மாள் பேச்சில் எண்ணெய் போட்டுப் பழகாதவர். பிரமாணப் பத்திரத்தை மோரேஷ்வர் முன்னால் தள்ளினார். நகலில் இருப்பது தன் கையெழுத்து அல்ல என்று சத்தியம் செய்கிற பத்திரம்.

“சட்டத்துல நமக்கு பலம் இருக்கு. பில்டர் கடமையை ஒரு தீர்மானத்தால மாத்த முடியாது, அதை நான் வாதாடுவேன். ஆனா நிலத்தோட அளவுலயே தகராறு, கையெழுத்தே போலின்னு ரெண்டு பக்கமும் கத்தினா அதிகாரி என்ன செய்வார்? இதெல்லாம் விசாரிக்கிற இடம் இது இல்லை, சிவில் கோர்ட்டுக்குப் போங்கன்னு கையைக் கழுவிடுவார். போனா பத்து வருஷம். உங்க தூண் அதுவரைக்கும் நிக்குமா?”

ஹேமாங்கி வேறு வழி உண்டா என்று கேட்டாள்.

“அசல் புத்தகம் இருந்திருந்தா இந்தக் கவலையே இல்லை. நான்காம் தீர்மானம் இருக்கா இல்லையான்னு அவரே திறந்து பார்த்துடுவார். அதுதான் தண்ணில போச்சே.” முல்லா பேனாவை நீட்டினார். “பிஸே சார், இது நிஜமா உங்க கையெழுத்து இல்லையே? பொய்ச் சத்தியம்னா எனக்கும் தலைவலி.”

மோரேஷ்வர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு, கண்ணாடி மாறியிருக்கிறது, வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றார். லோக்கலில் திரும்பும்போது ஹேமாங்கி அவருக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். இந்த வயதில் அவரை அலைய வைப்பதற்காக வருத்தப்பட்டாள். அந்த வேர்க்கடலையை அவர் ஒன்றுகூட வாயில் போடவில்லை. சட்டைப்பையிலேயே கிடந்தது.

என்ன நடந்தது என்பதை அவர் தனக்குத் தானேகூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. தொண்ணூற்றொன்பதில் சொசைட்டிக்குச் சரியான குழாய் இணைப்பு கிடையாது. டேங்கர் வந்தால் பெண்கள் பக்கெட்டோடு சண்டை. நகராட்சி விண்ணப்பத்தில் பில்டர் கையெழுத்து வேண்டும். மோரேஷ்வர் சேட்டின் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். பார்சல் ஆபீசில் அவரை எல்லோரும் ‘ஏ பிஸே’ என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே சேட் எழுந்து நின்றார். “வாங்க செக்ரட்டரி சாஹேப்” என்றார். ஏசி போட்டார், குளிர்பானம் வந்தது. மூன்றாவது நடையில் ஒரு காகிதமும் வந்தது. வெறும் சம்பிரதாயம், என் பார்ட்னருக்குக் காட்டத்தான், உங்கள் கூட்டம் எப்போது என்று கேட்டார். அடுத்த ஞாயிறு என்றார் மோரேஷ்வர். அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியையே போட்டு டைப் அடித்தார்கள். நடக்காத கூட்டத்தில் நிறைவேறாத தீர்மானத்துக்கு உண்மை நகல்! அதில் அவர் கையெழுத்துப் போட்டார். ஞாயிறன்று கூட்டத்தில் சொல்லி நிறைவேற்றிவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று நினைத்தார். சாஹேப் என்று ஒருவர் கூப்பிட்டதற்கு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு அவர் போனது சாட்சி.

வியாழக்கிழமை தண்ணீர் வந்தது. ஞாயிறன்று கூட்டத்துக்குள் நுழைந்தபோதே கைதட்டினார்கள். சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்தார்கள். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்து, உங்கள் நிலத்தை எழுதிக் கொடுத்துத்தான் இந்தத் தண்ணீரை வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் மூன்று தீர்மானம் எழுதினார். நான்காவதற்கு அரைப் பக்கம் விட்டு வைத்தார், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அடுத்த மாதம் நகராட்சியில் ஒரு சிப்பந்தி, உங்களுக்கு இணைப்பு பிப்ரவரியிலேயே அனுமதி ஆகிவிட்டதே, பில்டர் கையெழுத்தெல்லாம் தேவையே இல்லையே என்றான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர்தான். இரண்டு வருடம் கழித்துப் பொறுப்பைத் தள்வியிடம் ஒப்படைத்தபோது அந்தப் புத்தகத்தை மட்டும் தரவில்லை. தள்வி பட்டியலைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பிஸே எழுதிய பட்டியலை யார் சரிபார்ப்பார்கள்?

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு சுமன் தள்வி அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் பெரிய துணிப்பை.

மோரேஷ்வரின் மனைவி குமுதினி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுமன் குடிக்கவில்லை. பைக்குள்ளிருந்து புருஷனுடைய காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். மின்சார பில், எல்.ஐ.சி ரசீது, ஒரு பழைய வாழ்த்து அட்டை, கடைசியில் மடித்த ஒரு தாள்.

“பாவ்ஜி” என்றாள், மைத்துனரைக் கூப்பிடுகிற முறையில். “பரண், கட்டில் அடி, எல்லா இடமும் தேடிட்டேன். புத்தகம் கிடைக்கலை. இந்தப் பட்டியல்தான் கிடைச்சது. இதுல ஏழாவதா மினிட்ஸ் புத்தகம்னு இருக்கு, கீழே அவர் கையெழுத்தும் இருக்கு. அப்ப அவர் வாங்கினது நிஜம்தானே.” அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள் போலப் பேசினாள். “கட்டடமே போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் கவனக்குறைவாலதான்னா, அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு நான் மன்னிப்புக் கேட்டுடறேன். எப்படிக் கேக்கணும்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க. உங்க எழுத்துல இருந்தா எனக்குப் படிக்க சுலபம்.”

மோரேஷ்வர் அந்தத் தாளைப் பார்த்தார். ஏழாவது வரி, மினிட்ஸ் புத்தகம், ஒன்று. எதிரே ஒரு டிக். எல்லாம் அவர் எழுதியது. எழுதித் தருகிறேன் வஹினி என்று, அண்ணி முறை வைத்து, என்னவோ முனகினார். அவள் போன பிறகு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. குமுதினி தண்ணீர் டம்ளரை எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள்.

“அஹோ” என்றாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். “பெட்டியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். தூசி தட்டறது நான்தானே. நீங்களே எடுப்பீங்கன்னு இத்தனை வருஷம் பார்த்தேன்.”

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அவள் ஸ்டூலைக் கொண்டுவந்து பரணுக்குக் கீழே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஹேமாங்கியிடம் புத்தகத்தைக் கொடுத்தபோது அவள் முதலில் சந்தோஷத்தில் கத்தினாள். பிறகு பக்கத்தைப் புரட்டினாள், பிறகு அவர் சொன்னதைக் கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. திட்டியிருந்தால் தேவலை. “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாள், வேர்க்கடலை வாங்கவில்லை.

முல்லா புதிய பிரமாணப் பத்திரம் எழுதினார். கையெழுத்து என்னுடையது. அப்படி ஒரு தீர்மானம் பொதுக்குழுவில் வைக்கப்படவும் இல்லை, நிறைவேறவும் இல்லை. மோரேஷ்வர் கையெழுத்துப் போட்டார். முல்லா மையை உலர்த்திக்கொண்டே, இதைப் போன வாரமே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் தூக்கம் மிஞ்சியிருக்கும் என்றார்.

விசாரணை நாளில் அதிகாரியின் அறையில் பத்துப் பன்னிரண்டு சொசைட்டிக்காரர்கள் தங்கள் முறைக்காகச் சுவரோரம் நின்றிருந்தார்கள். சேட் வரவில்லை, அவர் வக்கீல் வந்திருந்தார். அதிகாரி புத்தகத்தை வாங்கிப் பக்க எண்களைச் சரிபார்த்தார். கிழித்த தடம் இருக்கிறதா என்று தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு பதினான்காம் தேதிப் பக்கத்தைத் திறந்து, எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“தீர்மானம் ஒண்ணு. மாடிப்படிக்கு பல்பு போடறது. தீர்மானம் ரெண்டு. காவலாளிக்குக் குடை. தீர்மானம் மூணு.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நமது செயலாளர் ஸ்ரீ மோரேஷ்வர் பிஸே அவர்கள், தன்னலம் கருதாது பாடுபட்டுக் குடிநீர் பெற்றுத் தந்தமைக்காக, சால்வையும் தேங்காயும் அளித்து கௌரவிக்கப்பட்டார். அவரைப் போன்ற நேர்மையாளர் கிடைத்தது சொசைட்டியின் பாக்கியம் என்று உறுப்பினர்கள் ஏகமனதாகப் பாராட்டினர்.”

நிமிர்ந்தார். “இதை எழுதினது யாரு?”

“நான்தான் சார்” என்றார் மோரேஷ்வர்.

சுவரோரம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “நல்ல எழுத்து” என்றார், பாராட்டாகவே. அடுத்து அரைப் பக்கம் காலி, அதற்கு அடுத்த பக்கத்தில் ஏப்ரல் கூட்டம். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கை வாசிக்கப்பட்டு உறுதி செய்யப்பட்டது என்று தலைவர் கையெழுத்து. நான்காம் தீர்மானம் எங்கும் இல்லை. சேட்டின் வக்கீல், திட்டம் இன்னும் முடியவில்லை, அதுவரை நிலத்தைக் கொடுக்கக் கடமையில்லை என்று இன்னொரு முறை ஆரம்பித்தார். முல்லா நாலு மாதக் கெடுவைச் சொல்லி, வரைபடத்தில் காலி இடமும் இதே மனையின் பகுதியாக இருப்பதைக் காட்டி, வீட்டுப் பத்திரங்களிலும் அப்படியே இருப்பதைக் காட்டி உட்கார்ந்தார். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. உத்தரவு பிறகு என்றார் அதிகாரி. மோரேஷ்வருக்கு அந்தப் பதினைந்து நிமிடமும் தரையின் கட்டங்களை எண்ணுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் உத்தரவும் சான்றிதழும் வந்தன. காலி இடம் உட்பட முழு மனைக்கும் ஸ்வானந்த் சொசைட்டி தகுதியானது, ஒருதலைப் பத்திரமாகப் பதிவு செய்யலாம். இனி ஸ்டாம்ப் ஆபீசில் பத்திரத்தை மதிப்பிட வேண்டும், பதிவாளரிடம் போக வேண்டும், ஏழு-பன்னிரண்டில் பேர் மாற்ற வேண்டும். எதற்கும் சேட்டின் கையெழுத்து வேண்டாம்.

உத்தரவு பதினோரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் அப்போதைய செயலாளர் ஒப்புக்கொண்டது இருந்தது. அதை யார் படிப்பார்கள்? கடைசிப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எல்லோர் போனுக்கும் அனுப்பினார்கள். பழைய புத்தகம் எங்கேயிருந்து கிடைத்தது என்று கேட்டவர்களிடம், தாத்யா வீட்டுப் பரணில் கிடைத்தது என்று ஹேமாங்கி சொன்னாள். பொய் இல்லை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மோரேஷ்வரிடம் மாடிப்படியில் ஒருமுறை, “வேலை முடிஞ்சது தாத்யா. விட்டுடுங்க. வயசான காலத்துல எதுக்கு” என்றாள். அவர் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

விட்டுவிடத்தான் நினைத்தார். அதை மறைத்து என்ன. சுமனுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்கவில்லை, அவளும் திரும்பக் கேட்கவில்லை, நாள் ஓடியது. அப்புறம் பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைசி விஷயமாக, ‘ஸ்ரீ பிஸே அவர்களுக்கு கௌரவம்’ என்று இருந்தது. பாட்கரின் யோசனை. வெள்ளத்தில் போன புத்தகத்தையே மீட்டுக் கொடுத்தவராம்.

ஞாயிற்றுக்கிழமை, மாடி முழுக்கக் கூட்டம். மேசை மேல் மடித்த சால்வை, தேங்காய், தட்டில் பேடா. பாட்கர் அவரை முதல் வரிசையில் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “தண்ணியும் குடுத்தீங்க, நிலத்தையும் குடுத்தீங்க. இனிமே ஒரு லிப்ட்டையும் குடுத்துடுங்க தாத்யா, முட்டி வலிக்குது.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் சுமன் தள்வி இருந்தாள். புத்தகம் கிடைத்துவிட்டது என்பதில் அவளுக்கு நிம்மதி. அது எப்படி பிஸே வீட்டுக்குப் போனது என்று அவள் யோசித்தாளோ இல்லையோ, முகத்தில் தெரியவில்லை.

முதல் விஷயம், எப்போதும் போல, சென்ற கூட்டத்தின் நடவடிக்கையை வாசித்து உறுதி செய்வது. யாரும் காது கொடுக்காத சடங்கு. ஹேமாங்கி வாசித்தாள். பில்டர் தரப்பு இணைத்த நகல் கூட்டத்தில் காட்டப்பட்டது. அதுபற்றி உறுப்பினர்கள் விவாதித்தனர். வக்கீலிடம் ஆலோசிக்க முடிவு செய்யப்பட்டது. “திருத்தம் ஏதாவது உண்டா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைத் திருப்பினாள்.

மோரேஷ்வர் விழித்தார். ஒரு வரி இல்லை. ‘இது தன் கையெழுத்து இல்லை என்று ஸ்ரீ பிஸே கூறினார்’ என்ற வரி. அன்றைக்கு அவள் குறிப்பெடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். இப்போது புத்தகத்தில் இல்லை. ஹேமாங்கி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், காது சிவந்திருந்தது. இரண்டு வருடம் நாற்பது வீட்டுப் படியேறி, ஒரு காற்புள்ளி பிசகாமல் மனு எழுதிய பெண். அவருக்காக அந்தப் பெண் புத்தகத்தில் பொய் எழுதியிருக்கிறாள்.

அவர் தன்னால் ஆனது தன்னோடு போகட்டும் என்று இருந்தார். போகவில்லை, அது அடுத்த ஆளின் கைக்குப் போய்விட்டது.

கையைத் தூக்கினார். பாட்கர், சால்வைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள் என்றார். மோரேஷ்வர் எழுந்து நின்றார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“திருத்தம் இருக்கு. ஒரு வரி விட்டுப்போச்சு.”

“தாத்யா, உக்காருங்க” என்றாள் ஹேமாங்கி மெதுவாக.

“விட்டுப்போச்சும்மா. போன கூட்டத்துல அது என் கையெழுத்து இல்லைன்னு நான் சொன்னேன். அதை எழுது. அது பொய்னும் எழுது. கையெழுத்து என்னோடது. உங்க யாரையும் கேக்காம பில்டர்கிட்ட போட்டுக் குடுத்தேன். அப்பறம் அது வெளிய வந்துடக் கூடாதுன்னு புத்தகத்தை நானே வெச்சுக்கிட்டேன்.” முதல் வரிசையை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார். அவ்வளவு தூரம் பார்ப்பது கடினமாக இருந்தது. “வஹினி, தள்வி அந்தப் புத்தகத்தைக் கண்ணால பார்த்ததே இல்லை. பட்டியல்ல டிக் போட்டது நான். அவர் எதையும் தண்ணில விடலை. இதையும் எழுது ஹேமாங்கி, அவர் பேரைப் போட்டு எழுது.”

பேடாத் தட்டில் ஈ உட்கார்ந்தது, ஓட்டுவதற்கு ஆளில்லை. யாரோ பின்னால், அப்போ அந்தத் தண்ணீர், என்று கேட்க ஆரம்பித்து நிறுத்தினார்கள்.

சுமன் தள்வி எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். அறைந்துவிடுவாளோ என்று மோரேஷ்வர் நினைத்தார், அறைந்தால் நல்லது என்றும் நினைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மேசைக்குப் போய் ஹேமாங்கியின் பக்கத்தில் நின்றாள்.

“எழுதும்மா” என்றாள். “நான் பார்த்துட்டுப் போறேன்.”

ஹேமாங்கி பேனாவை எடுத்தாள். அவள் எழுத்து கோழிக் கிறுக்கல், அது எல்லோருக்கும் தெரியும். கோணல் மாணலாக எழுதினாள், ஒரு இடத்தில் அடித்தாள், மறுபடி எழுதினாள். சுமன் ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தாள். புருஷன் பெயர் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு சரி என்று தலையசைத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.

ஹேமாங்கி புத்தகத்தைத் திருப்பி மோரேஷ்வர் பக்கம் தள்ளினாள். திருத்தத்துக்குக் கீழே அவர் கையெழுத்து வேண்டும். அவர் சால்வையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, புத்தகத்தின் மேல் குனிந்தார். மேலே கோடு கோணியது, கீழே சுழி சரியாக விழவில்லை. அப்படியே விட்டார்.